கடைசி நாலு சுத்து: இந்தக் கதை மைதானத்துல நிக்குமா?

கடலோரத்தான் | மே 4, இரவு 9.50

ஒரு சிறுகதையோட பின்பாதியைக் கீழ போடுறேன். 10,000 மீட்டர் ஓட்டம், 400 மீட்டர் மண் டிராக், 25 சுத்து. கேள்வி ஒண்ணுதான். ஓடினவங்களோ ஓட வச்சவங்களோ படிச்சா, "இது நடக்காது"ன்னு எந்த இடத்துல நிறுத்துவீங்க?

முன்கதை இவ்வளவுதான். ரெத்தினம் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுறவன். சூசை முட்டத்துல வள்ளத்துல போறவன். காலேஜ்ல ஒண்ணா ஓடினவங்க. ஏப்ரல் மாசம். காலையில 6 மணிக்குன்னு சொன்ன ஓட்டம் பத்தரைக்குத்தான் தொடங்குது. சூசை முதல் அஞ்சு சுத்தையும் சுத்துக்கு 84 செகண்டுல அடிக்கிறான். ரெத்தினம் தொடக்கத்துல இருந்தே 90. இனி கதை:

*ரெத்தினம் இருபத்திரண்டாவது சுற்றை முடித்து வளைவில் திரும்பியபோது முன்னால் சூசையின் முதுகு தெரிந்தது. பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தலை ஒவ்வொரு எட்டுக்கும் இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு சுற்று முழுதாகப் பின்தங்கிவிட்டான். தாண்டிப் போக நாலு எட்டு போதும். ரெத்தினத்துக்கு மூன்றாம் இடம் கையில் இருந்தது.*

*பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தான்.*

*"லேய் சூசை. என் கூட வா."*

*சூசை திரும்பவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, தண்ணி இல்லாத பம்பு இழுப்பதுபோல.*

*"நான் வெளிய ஓடுகேன். நீ கோட்டை ஒட்டி வா. இந்த எட்டு போதும். கூட்டாண்டாம்."*

*தோளோடு தோள் சேர்த்து ஓடினார்கள். விடியுமுன் முந்நூறு மரம் வெட்டிப் பழகிய கால் ரெத்தினத்துக்கு. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே எத்தனை எட்டு என்று எண்ணாமலே எண்ணும். அந்த எண்ணிக்கையில் சூசையை நடத்தினான். நாலாம் இடத்துக்காரன் அவர்களைத் தாண்டிப் போனான். ரெத்தினம் பார்த்துக்கொண்டே இருந்தான்.*

*அடுத்த சுற்றில் சூசையின் ஸ்பைக் சத்தம் மாறியது. சரக், சரக் என்று மண்ணைக் கடித்தது போய், சர்ர் என்று இழுபட்டது.*

*"உங்க வள்ளத்துக்குப் பேரு என்னலே?" ரெத்தினம் கேட்டான். பேச வைத்தால் விழமாட்டான் என்று நினைத்தான்.*

*"அந்தோணியாரு," என்றான் சூசை.*

*அந்தோணியார் அவன் பாட்டாவின் வள்ளம். விற்று வருஷம் எத்தனையோ ஆகிறது. இப்போது இருப்பது சகாயமாதா. ரெத்தினம் திருத்தவில்லை. பாட்டாவோடு கடலில் இருக்கிறான், இருக்கட்டும் என்று விட்டான்.*

*ரெத்தினத்தின் இருபத்தைந்து முடிந்தது. யாரோ கை காட்டினார்கள். அவன் நிற்கவில்லை. சூசைக்கு இன்னும் ஒன்று இருந்தது. அந்த ஒன்றையும் கூடவே ஓடினான். கடைசி ஐம்பது மீட்டரில் சூசையின் கை தன் கைக்குள் வந்ததை உணர்ந்தான். யார் யாரைப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. கோட்டைத் தாண்டினார்கள்.*

இவ்வளவுதான். சொல்லுங்க.

ரப்பர்பால் | மே 4, இரவு 10.35

கண்ணு நனைஞ்சு போச்சு மக்கா. ஒரே ஒரு குறை. கையைத் தொட்டா அந்த நிமிஷமே ரெண்டு பேரும் அவுட். 1908 லண்டன் மாரத்தான்ல டொராண்டோ பியெத்ரி விழுந்தப்ப ஆபீசருங்க தூக்கி விட்டு, கோட்டைத் தாண்ட வச்சாங்க. அதனால அவருக்குத் தங்கம் போய் வெள்ளிதான் கிடைச்சுது. கை பிடிக்கிறதை எடுத்துட்டா கதை சரி.

பழைய பி.டி. மாஸ்டர் | மே 5, காலை 5.20

டொராண்டோவுக்கு வெள்ளி கிடைக்கலை. அவரை ஓட்டத்துல இருந்தே நீக்கிட்டாங்க. தங்கம் ஜானி ஹேய்ஸுக்குப் போச்சு. மறுநாள் அலெக்சாண்ட்ரா ராணி அவருக்குத் தனியா ஒரு வெள்ளிக் கோப்பை குடுத்தாங்க. வெள்ளின்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கறது அந்தக் கோப்பையாத்தான் இருக்கும்.

தொட்டவுடனே அவுட்டுங்கறதும் பாதிதான் சரி. விழுந்தவனை எழுப்பி நிக்க வைக்க சக ஓட்டக்காரனுக்கு அனுமதி உண்டு. 2016 ரியோவுல 5000 மீட்டர் ஹீட்ல நிக்கி ஹாம்ப்ளினும் அபி டாகஸ்டினோவும் விழுந்து, ஒருத்தியை ஒருத்தி எழுப்பி விட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஃபைனல்ல இடமே குடுத்தாங்க. எழுப்பின பிறகு தாங்கிப் பிடிச்சு முன்னால நகர்த்தினாத்தான் தப்பு. 2019 தோஹாவுல கினி-பிசாவ் நாட்டு பிரைமா தாபோ, அருபாவோட ஜொனாதன் பஸ்பியைக் கடைசி 200 மீட்டர் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தார். தாபோவுக்கு 18 நிமிஷம் 10.87 செகண்டுன்னு பதிவாச்சு. பஸ்பியை நீக்கிட்டாங்க. உதவி வாங்கினவனுக்குத்தான் அடி.

ஆனா தம்பி, உங்க கதையில பெரிய ஓட்டை கை பிடிக்கிறதுல இல்லை. சாயங்காலம் எழுதுறேன், இப்ப பிள்ளைகள் கிரவுண்டுக்கு வந்துட்டாங்க.

திக்கணங்கோடு அப்பா | மே 5, மதியம் 1.10

என் மகன் ஒன்பதாம் கிளாஸ். 1500 மீட்டர்ல கடைசி சுத்து வந்தா விலாவைப் பிடிச்சிட்டு நிக்கிறான். மெட்ராஸ்ல பெரிய மாரத்தான்ல நேரத்தை எழுதின கொடியைப் பிடிச்சிட்டு முன்னால ஓடுறவங்களை வைக்கிறாங்களாமே. அப்படி ஒரு ஆளை அவனுக்குப் போட்டிக்கு ஏற்பாடு பண்ண முடியுமா? எவ்வளவு கேப்பாங்க?

கடலோரத்தான் | மே 5, மாலை 4.30

அண்ணாச்சி, நான் கேட்டது வேற. ஆனா மாஸ்டர் வந்தா உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுவார்.

கை பிடிக்கிறதை எடுத்துட்டேன். அந்த வரி எழுதும்போதே கொஞ்சம் கூடிப் போச்சுன்னு தோணிச்சு. பெரிய ஓட்டை எதுன்னு மதியத்துல இருந்து யோசிக்கிறேன். 84ல போனவன் எப்படி அவ்வளவு பின்தங்குவான்னு கேக்கப் போறீங்களா? கணக்குப் போட்டுத்தான் எழுதினேன். ரெத்தினம் 22 சுத்து முடிக்கும்போது 33 நிமிஷம். சூசை முதல் அஞ்சை 7 நிமிஷத்துல முடிச்சுட்டான், மிச்சம் பதினாறையும் ஓட 26 நிமிஷம் ஆகுது. சுத்துக்குச் சராசரி 97 தாண்டுது, கடைசியில 110க்குப் போயிருப்பான். சரிதானே?

பழைய பி.டி. மாஸ்டர் | மே 5, இரவு 8.15

கணக்கு சரி. தொடக்கத்துல பறந்தவன் விழுற விதமே அதுதான்.

ஓட்டை இது. ரெத்தினம் ஒரு சுத்து முன்னால இருக்கான். அவனோட 25 முடியும்போது அவன் ஓட்டம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் டிராக்குல ஓடுறவன் போட்டிக்காரன் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரிதான். போட்டியில இல்லாதவன் வேகம் குடுக்கறது உதவின்னு ரூல்ல தெளிவா இருக்கு. உங்க கதையோட உச்சமே அந்தக் கடைசிச் சுத்துதான். அதுலதான் சூசை நேரத்தை இழப்பான்.

அதுக்கு முந்தின மூணு சுத்துல ரூல் வேற மாதிரி நிக்குது. சுத்து பின்தங்கினவனோ பின்தங்கப் போறவனோ மத்தவனுக்கு வேகம் குடுக்கக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. காரணம் எளிசு. ஜெயிக்க வாய்ப்பில்லாத ஒருத்தனை வச்சு முன்னால ஓடுறவனை இழுக்கறதைத் தடுக்கணும். இங்க முன்னால இருக்கறவன் பின்னால இருக்கறவனைக் கூட்டிட்டு வாறான். ரூலோட எழுத்துல அவன் மாட்ட மாட்டான். ஆனா ஒரு கண்டிப்பான ரெஃப்ரி அதையும் உதவின்னு சொல்லி ரெண்டு பேரையும் எச்சரிக்கலாம். மறுபடி செஞ்சாத்தான் நீக்குவாங்க. நான் ரெஃப்ரியா இருந்தா விட்டிருப்பேன். என் கூட வேலை பார்த்த இன்னொரு மாஸ்டர் விட்டிருக்க மாட்டார். இதுல ஒரு முடிவு கிடையாது.

ரெண்டாவது, தோளோடு தோள். அது படத்துக்கு அழகு, ஓட்டத்துக்கு ஆகாது. ரெண்டாவது லேன்ல ஓடுறவன் ஒரு சுத்துக்கு ஏழரை மீட்டர் கூட ஓடுறான். ரெத்தினத்துக்கு அது பெரிசில்லை. ஆனா பக்கத்துல ஆள் இருந்தா தளந்தவன் அவன் மேல சாய்வான், முழங்கை இடிக்கும், ரெண்டு பேரோட எட்டும் முட்டும். தாண்ட வாறவனும் மூணாவது லேனுக்குப் போகணும். கூட்டிட்டுப் போறவன் ஒரு எட்டு முன்னால, அரை ஆள் வெளிய தள்ளி ஓடணும். தளந்தவன் கண்ணு அவன் இடுப்புல நிக்கணும். தலையைத் திருப்பிப் பார்க்கக்கூடாது. திரும்பினா வேகம் குறையும், பின்னால வாறவன் முட்டிக்குவான், அப்புறம் இவன் கூட்டுவான். அப்படிக் குறைச்சுக் கூட்டினா தளந்தவன் அங்கேயே முடிஞ்சான்.

திரும்பாம எப்படித் தெரியும்னா, காதால. உங்க ஸ்பைக் சத்தம் பத்தின வரி ரொம்பச் சரி. மண் டிராக்குல ஓடினவனுக்குத்தான் அது தெரியும்.

"கூட்டாண்டாம்"ங்கறதும் சரி. 84ல தீர்ந்து போனவனைக் கடைசியில 94க்கு இழுக்க யாராலயும் முடியாது. 110ல போறான்னா 110லயே நிறுத்தணும், 118 ஆக விடக்கூடாது. அதுதான் முழு வேலையும். நூறு மீட்டருக்கு 27, 28 செகண்டு. ஒவ்வொரு நூறுலயும் ஒரு சொல் போதும். 'நாலு சுத்து இருக்கு'ன்னு சொன்னா மனசு விழும். 'அந்தக் கொடிக்கம்பம் வரைக்கும்'னு சொல்லணும்.

திக்கணங்கோட்டுக்காரருக்கு: வெளி ஆள் போட்டிக்குள்ள ஓட முடியாது, ரோட்டு மாரத்தான்ல ஓட்டம் நடத்துறவங்களே வைக்கிற ஆளுங்க அவங்க. மகன் முதல் சுத்தை எத்தனை செகண்டுல ஓடுறான்னு குறிச்சிட்டு வாங்க, ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் முன்னால சாப்பிடுறான்னும் பாருங்க. விலா அங்கதான் பிடிக்கும்.

ஆரல்வாய்மொழி காத்து | மே 5, இரவு 11.00

மாஸ்டர் முக்கியமானதை விட்டுட்டார். கூட ஓடுறதுல பாதி விஷயம் காத்துதான். எங்க ஊர்ல ஆடி மாசம் ஓடிப் பாருங்க. முப்பந்தல் காத்தாடி எல்லாம் சும்மாவா அங்க நிக்குது? எதிர்காத்துல ஒருத்தன் முன்னால போனா பின்னால வாறவனுக்கு ஓட்டம் பாதிச் சுமை. ரெத்தினம் முன்னால போய் காத்தை மறைச்சிருக்கணும். கதையில அதைச் சேருங்க.

பழைய பி.டி. மாஸ்டர் | மே 6, காலை 5.05

ஆடிக் காத்துல நீங்க சொல்றது நியாயம். பாதிச் சுமைங்கறது கூடுதல், ஆனா பெரிய வித்தியாசம் உண்டு. கதை நடக்கறது ஏப்ரல்ல, பத்தரை மணிக்கு மேல, இலை அசையாத நேரம். 110 செகண்டுக்கு ஒரு சுத்துன்னா மணிக்கு 13 கிலோமீட்டர். அந்த வேகத்துல காத்தில்லாத நாள்ல மறைச்சு ஓடி மிச்சமாகறது கொஞ்சம்தான். அதோட, அந்தப் புழுக்கத்துல அவன் உடம்புல படுற காத்தே அவன் ஓடுறதால வாற காத்துதான். ஒட்டி முன்னால நின்னு அதையும் மறைச்சா உடம்பு இன்னும் சூடாகும். அதனாலதான் அரை ஆள் தள்ளி ஓடச் சொன்னேன்.

கடலோரத்தான் | மே 6, இரவு 10.20

ரெண்டு நாளா இதேதான் மண்டையில. மாஸ்டர் சொன்ன பிறகு கடைசியை மாத்திப் பார்த்தேன். தோளோடு தோள் போயிருச்சு. ரெத்தினம் ஒரு எட்டு முன்னால போறான். 25 முடிஞ்சதும் உள்பக்கம் புல்லுல இறங்கி நின்னுடுறான். சூசை கடைசிச் சுத்தைத் தனியா ஓடுறான்:

*ரெத்தினம் கோட்டைத் தாண்டிப் புல்லில் இறங்கினான். "இனி நீதாம்லே. அதே எட்டு." சூசை நிற்கவில்லை. முன்னால் முதுகு இல்லை, ஆனால் எட்டு மாறவில்லை. எதிர்ப்பக்க நேர்பாதையில் ஒற்றை ஆளாகப் போகும் அந்தப் பனியனைப் பார்த்தபடி ரெத்தினம் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.*

ரூலுக்காக மாத்தினது, முந்தினதை விட நல்லா வந்திருக்குன்னு எனக்கே தோணுது. இதோட முடிச்சுக்கலாமா?

ரப்பர்பால் | மே 6, இரவு 10.45

முடிச்சுக்கலாம். இதுதான் கதை. இனி கை வைக்காதீங்க.

தோவாளைப்பூ | மே 7, காலை 7.30

நைட் டூட்டி முடிஞ்சு வந்து படிச்சேன். நான் நர்ஸ். ஓட்டம் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா அண்ணா, அந்த வள்ளத்துப் பேர் இடத்துல எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. நீங்க அதைப் பாசமா எழுதியிருக்கீங்க. வெயில்ல முப்பத்தஞ்சு நிமிஷம் உடம்பை முறுக்கி ஓடினவன், தன் வீட்டு வள்ளத்துப் பேரைத் தப்பாச் சொல்றான்னா அது களைப்பு இல்லை. மூளை சூடாகுது. அந்த நேரம் அவனை ஓட வைக்கிறது சிநேகம் இல்லைண்ணா.

களைச்சவனுக்குப் பேச மூச்சு இருக்காது. 'ம்'னு சொல்லுவான், கெட்ட வார்த்தை சொல்லுவான், பதிலே சொல்லாமலும் போவான். ஆனா சொன்னா சரியாச் சொல்லுவான். பதில் தப்பா வந்தா, இடம் காலம் தெரியாம பேசினா, கால் பின்னினா, காரணமில்லாம கோவப்பட்டா நிறுத்திரணும். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ஓடும்போது வாற அந்தச் சூட்டுல, ஆள் விழுந்த நேரத்துல இருந்து எத்தனை நிமிஷத்துல குளிர வைக்கிறோம்கறதுதான் உயிர்.

ஒண்ணு கேக்கவா? சூசைக்கு அதுக்கு முந்தின நாட்கள்ல காய்ச்சல் இருந்துதா? முந்தின ராத்திரி தூங்கினானா?

ஆரல்வாய்மொழி காத்து | மே 7, காலை 9.15

கதையில பனியன் நனைஞ்சு ஒட்டியிருக்குன்னு இருக்கே. வேர்க்குதுன்னா வெயில் அடி இல்லைன்னுதானே சொல்லுவாங்க? தோல் காஞ்சு போனாத்தான் பயம்.

தோவாளைப்பூ | மே 7, மாலை 6.00

அதுதான் ஆளைக் கொல்ற நம்பிக்கை. வயசானவங்க வெயில் காலத்துல வீட்டுக்குள்ள கிடந்து வாற சூட்டுல தோல் காஞ்சிருக்கும். ஓடி வாற சூட்டுல பெரும்பாலும் வேர்வை ஊத்திட்டேதான் விழுவாங்க. நம்ம கடலோரப் புழுக்கத்துல வேர்வை உலராது, சொட்டும். உலர்ந்தாத்தானே குளிரும்.

பழைய பி.டி. மாஸ்டர் | மே 7, இரவு 8.40

இந்தம்மா சொன்னதைக் கேட்டுட்டு அரை மணி நேரம் சும்மா உக்காந்துட்டேன். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல பெண்கள் மாரத்தான் முதல் தடவை நடந்துது. சுவிட்சர்லாந்தோட கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் ஸ்டேடியத்துக்குள்ள வந்தப்ப உடம்பு ஒரு பக்கமா வளைஞ்சு, ஒரு கை தொங்கி, தள்ளாடினாங்க. கடைசிச் சுத்துக்கு மட்டும் 5 நிமிஷம் 44 செகண்டு. டாக்டருங்க பக்கத்துலயே நடந்தாங்க, தொடலை. வேர்க்குதுன்னு பார்த்துத்தான் விட்டாங்கன்னு படிச்சிருக்கேன். 37வதா முடிச்சாங்க. பிழைச்சும் வந்தாங்க. வருஷா வருஷம் நான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, 'பாரு, விடாம முடிச்சா'ன்னு முடிப்பேன். இனி எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அன்னைக்கு அவங்க கிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தா என்ன பதில் வந்திருக்கும்?

ஆனா ஒண்ணு சொல்றேன், இதை விட்டுக் குடுக்க மாட்டேன். தள்ளாடுறவனை எல்லாம் நிறுத்தினா பத்தாயிரம் ஓட ஆளே இருக்க மாட்டாங்க. கடைசி ரெண்டு சுத்துல கால் இழுபடாதவன் நல்லா ஓடலைன்னு அர்த்தம். கால் பின்னுறதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. பதில்தான் அடையாளம்னா ஏத்துக்குறேன்.

கடலோரத்தான் | மே 8, அதிகாலை 1.40

தங்கச்சி கேட்டதுக்குப் பதில். காய்ச்சல் இருந்துது. ரெண்டு நாளைக்கு முன்னால விட்டுது. முந்தின ராத்திரி வள்ளத்துல, தூக்கம் இல்லை. கரைக்கு வந்து ரெண்டு கட்டன்சாயா, ஒரு மட்டிப்பழம், அவ்வளவுதான். ஆறு மணிக்கு ஓட்டம்னு வேற ஒண்ணும் சாப்பிடலை. பிறகு பத்தரை வரைக்கும் வெயில்லயே நின்னுட்டிருந்தேன்.

ஆமா. சூசை நான்தான்.

ரெத்தினம் கண்ணு வழியா எழுதினதுக்குக் காரணம் அழகுக்காக இல்லை. கடைசி ரெண்டு சுத்து எனக்கு ஞாபகமே இல்லை. அவன் வந்து 'கூட வா'ன்னது தெரியும். அவன் ஒரே அளவா மண்ணுல கால் வச்ச சத்தம் தெரியும். அப்புறம் கூரை, ஃபேன், கையில ஊசி. மறுநாள் சாயங்காலம். வள்ளத்துப் பேரை மாத்திச் சொன்னேன்னு அவன் சொல்லித்தான் தெரியும். பதினாறு வருஷமா அதை ஒரு நல்ல ஞாபகமா வச்சிட்டிருந்தேன். நான் அந்த நேரம் பாட்டா கூட இருந்தேன்னு.

தோவாளைப்பூ | மே 8, காலை 8.05

அண்ணா. ஞாபகம் இல்லாம போனதும் அதோட சேர்ந்ததுதான். பிழைச்சிருக்கீங்க, அதுக்கு அந்தோணியாருக்கே ஒரு மெழுகுவத்தி.

விழுந்த பிறகு என்ன செஞ்சாங்கன்னு தெரியுமா?

கடலோரத்தான் | மே 8, மதியம் 2.25

அவன் சொன்னது: நிழலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சுத்தி இருபது பேர் நின்னாங்க. நனைச்ச கைக்குட்டையை நெத்தியில வச்சாங்க. சோடா உடைச்சு வாயில ஊத்தப் பார்த்தாங்க, நான் துப்பினேன். ஆட்டோ வர முக்கால் மணி நேரம்.

தோவாளைப்பூ | மே 8, இரவு 9.30

நிழல் ஒண்ணுதான் அதுல சரி. புத்தி தெளியாதவன் வாயில எதையும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழல்ல போயிரும். நெத்தியில நனைச்ச துணி போதாது, உடம்பு முழுக்கக் குளிரணும். பெரிய தொட்டியில ஐஸ்தண்ணி நிரப்பி கழுத்து வரைக்கும் உக்கார வச்சு, தலை முங்காம ஒருத்தர் பிடிச்சுக்கணும். அதுதான் முதல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது அதுக்கு அடுத்துதான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு, அது வாறவரைக்கும் குளிர வைக்கணும். தொட்டி இல்லைன்னா பனியனைக் கழட்டி, வாளி வாளியாத் தண்ணி ஊத்திட்டே விசிறணும். நெத்தியில வைக்கிற மெஷின் சூட்டைச் சரியாக் காட்டாது, அதைப் பார்த்து ஏமாறவும் கூடாது.

நம்ம மாவட்டத்துல ஐஸுக்கு என்ன பஞ்சம்? முட்டத்துலயும் குளச்சல்லயும் மீனுக்கு ஐஸ் உடைக்காத நாள் உண்டா? மீன் போடுற பெரிய பிளாஸ்டிக் டப்பு ஒண்ணு, ரெண்டு பார் ஐஸ், தண்ணி. டிராக் ஓரத்துல ஓட்டத்துக்கு முன்னாலயே வச்சிரணும்.

பழைய பி.டி. மாஸ்டர் | மே 9, காலை 5.30

வர்ற மாசம் எங்க கிரவுண்டுல ஒரு 5000 மீட்டர் இருக்கு. டப்பு வாங்கப் போறேன். காலை ஆறரைக்கு மேல தொடங்க விடமாட்டேன்.

திக்கணங்கோடு அப்பா | மே 9, காலை 10.40

மாஸ்டர், குறிச்சிட்டேன். முதல் சுத்து 70 செகண்டு, ரெண்டாவது 86. சாப்பாடு, ஓட்டத்துக்கு அரை மணி முன்னால நாலு இட்லி.

பழைய பி.டி. மாஸ்டர் | மே 9, இரவு 7.50

பதில் ரெண்டும் அதுலயே இருக்கு. முதல் சுத்தை 78ல ஓடச் சொல்லுங்க. இட்லியை மூணு மணி நேரம் முன்னால குடுங்க.

கடலோரத்தான் | மே 11, இரவு 11.15

இன்னைக்கு ரெத்தினத்துக்குப் போன் பண்ணினேன். இப்பவும் ரப்பர்தான். இந்த இழையை முழுசா வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. பிறகு சொன்னான்:

"பேரு தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்லே. சகாயமாதான்னு வாய் வரைக்கும் வந்துது. நிறுத்தினா நீ பிறகு எங்கிட்ட பேசமாட்டேன்னு பயந்துட்டேன். நீ அப்படியாக்கும் அந்த ஓட்டத்துக்குக் காத்துக் கிடந்தே."

நான் என்ன சொல்ல? பேசாமத்தான் இருந்திருப்பேன். ஒரு வருஷமாவது.

அவன் மேல எனக்கு ஒரு துளி குறை இல்லை. அவனுக்கு மூணாம் இடம் போச்சு. ஆட்டோவுல என் தலை அவன் மடியிலதான் இருந்துது. ஆனா கதையில இருக்கற ரெத்தினத்துக்கு இப்ப என்னால வேற ஒரு வழி குடுக்க முடியும். கடைசிச் சுத்தைத் தனியா ஓடுற முடிவை எடுத்துட்டேன். இது மூணாவது:

*"உங்க வள்ளத்துக்குப் பேரு என்னலே?"*

*"அந்தோணியாரு."*

*ரெத்தினம் மூன்று எட்டு ஓடினான். நாலாவதில் திரும்பிப் பார்த்தான், அதுவரை பார்க்காதவன். சூசையின் கண் அவன் இடுப்பில் இல்லை. எங்கும் இல்லை.*

*"இன்னொருக்க சொல்லு. வள்ளத்துக்குப் பேரு?"*

*"பாட்டா கரைக்கு வரட்டும்," என்றான் சூசை.*

*ரெத்தினம் நின்றான். வந்து மோதிய சூசையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான். சூசை அடித்தான், நெஞ்சில், முகத்தில், சக்தி இல்லாத கையால். "விடுலே, விடுலே, நாலு சுத்துதாம்லே இருக்கு." இருந்தது இரண்டு. ரெத்தினம் விடவில்லை. அவனை அப்படியே சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் புல்லுக்கு இழுத்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் இருவர் ஓட்டமும் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும்.*

*"தண்ணி கொண்டு வாங்க," என்று கத்தினான். "குடிக்க இல்ல. ஊத்த."*

ரப்பர்பால் | மே 11, இரவு 11.50

சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. ஒத்தையா ஓடுற அந்தப் பனியன் மனசை விட்டுப் போகலை. அதை வேற ஒரு கதைக்கு வச்சுக்கோங்க, காய்ச்சல் இல்லாத சூசைக்கு.

பழைய பி.டி. மாஸ்டர் | மே 12, காலை 5.15

ஒரே ஒரு திருத்தம். ரெத்தினம் நேர்பாதையில நின்னா பின்னால வாறவன் மோதுவான். வளைவு முடியற இடத்துல, உள்பக்கமா ஒதுங்கி நிக்க வையுங்க.

கடலோரத்தான் | மே 12, காலை 6.00

மாத்திட்டேன்.